அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் கேட்டது இதுதானா? ஒரு பொடிப் பாக்கெட் டிசைனை அறிகுறி பார்த்துச் சோதிக்கும் வழி

பாக்கெட் டிசைனில் திரும்பி வர முடியாத ஓர் இடம் உண்டு. பவுச் அச்சடிக்கச் சிலிண்டர் வெட்டக் கொடுக்கும் நாள்தான் அது. கிரேவியர் அச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும், அதற்குரிய உருவத்தைச் செதுக்கிய ஒரு சிலிண்டர். வெட்டியபின் ஓர் எழுத்தை நகர்த்த வேண்டுமென்றாலும் அந்தச் சிலிண்டரைப் புதிதாகத்தான் போட வேண்டும். அதனால் சோதனை எதுவானாலும் அதற்கு முந்திய வாரத்திலேயே முடிந்துவிட வேண்டும். அந்த வாரத்தில்தான் எல்லாருக்கும் டிசைன் பிடித்துப் போயிருக்கும், யாருக்கும் சோதிக்க மனம் வராது.

தென்மாவட்டத்தில் வீட்டிலேயே பொடி இடித்து விற்கும் ஓர் அக்காவுக்காக நான் செய்த பாக்கெட்டை வைத்தே இதைச் சொல்கிறேன். என்ன வேண்டும் என்று அவர் முதலில் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திதான் பிரீஃப்:

“மூணு பொடி தம்பி. இட்லிப் பொடி, பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி. எல்லாம் 200 கிராம். கடைக்காரங்க மாத்தி மாத்திக் கொடுத்துடறாங்க, அது நிக்கணும். பழைய ஆளுங்க மஞ்சக் கவரைப் பாத்துத்தான் வாங்குறாங்க, அவங்க விட்டுப் போயிடக் கூடாது. வீட்ல இடிச்சதுன்னு தெரியணும். பெரிய கடையில வைக்கிற மாதிரி இருக்கணும்.”

நான் செய்து முடித்தது பளபளப்பில்லாத கருஞ்சிவப்பு மேட் பவுச். முகப்பு முழுக்கத் தங்க நிறத்தில் புள்ளிக் கோலம், நடுவில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் பிராண்ட் பெயர், அதன் கீழே சிறிய வெள்ளை எழுத்தில் பொடியின் பெயர். பார்த்த எல்லாருக்கும் பிடித்தது. அக்காவுக்கும் பிடித்தது.

முதலில் செய்ய வேண்டியது

டிசைன் ஃபைலைத் திறக்காதீர்கள். பிரீஃபை மட்டும் எடுத்து, ஒவ்வொரு வரியையும் ஓர் ஆளின் செயலைப் பார்த்து ஆம் அல்லது இல்லை என்று சொல்லக்கூடிய கேள்வியாக மாற்றி எழுதுங்கள். “மாற்றிக் கொடுக்கக் கூடாது” என்பது “கடைக்காரர் மூன்று பொடியையும் கேட்டபடி தயங்காமல் எடுக்கிறாரா?” என்று ஆகும். “பழைய ஆளுங்க விட்டுப் போகக் கூடாது” என்பது “மஞ்சள் கவரை வாங்கிப் பழகியவர், சொல்லிக் கொடுக்காமலே புதியதைக் கண்டுபிடிக்கிறாரா?” என்று ஆகும். “வீட்டில் இடித்தது” என்பதற்கு, பாக்கெட்டைப் பார்த்தவர் தானாகவே வீடு, கை, உரல் என்று எதையாவது சொல்கிறாரா என்று கேட்கலாம்.

இதை டிசைனைப் பார்த்துக்கொண்டே எழுதினால், டிசைனில் இருப்பதற்குத் தகுந்த கேள்விதான் வரும். கோலம் கண்முன் இருந்தால் “பாரம்பரியமாக இருக்கிறதா?” என்று எழுதத் தோன்றும். அக்கா பாரம்பரியம் என்று எங்கேயும் சொல்லவில்லை.

ஒரு வரியைக் கேள்வியாக மாற்றவே முடியவில்லை என்றால் அதன் பக்கத்தில் ஒரு குறி போட்டு வையுங்கள். எனக்கு அப்படி நின்ற வரி “பெரிய கடையில வைக்கிற மாதிரி” என்பது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

அறிகுறி: எல்லாரும் அருமை என்கிறார்கள், எது என்று கேட்டால் நிறத்தைச் சொல்கிறார்கள்

பாராட்டு எதைப் பற்றியது என்று கவனியுங்கள். “இந்த மெரூன் நல்லா இருக்கு”, “கோலம் அழகா வந்திருக்கு” என்று மட்டுமே வந்தால், அவர்கள் டிசைனைப் பாராட்டுகிறார்களே ஒழிய, உள்ளே இருக்கும் பொருள் அவர்களிடம் போய்ச் சேரவில்லை என்று பொருள்.

உறுதிப்படுத்த இரண்டு சோதனைகள் போதும். ஒன்று, பெயரை மாற்றிப் பார்ப்பது. பாக்கெட்டில் பிராண்ட் பெயரையும் பொடியின் பெயரையும் அழித்துவிட்டு அந்த இடத்தில் பட்டுப்புடவைக் கடை என்றோ ஊதுபத்தி என்றோ போட்டுப் பாருங்கள். என் டிசைனில் ஊதுபத்தி என்று போட்டதும் இன்னும் பொருத்தமாக இருந்தது. எந்தப் பொருளுக்கும் பொருந்தும் டிசைன் பொடியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

இரண்டாவது, ஐந்து வினாடிச் சோதனை. டிசைனை முன்பே பார்த்திராத ஒருவரிடம் ஐந்து வினாடி காட்டி மறைத்துவிட்டு, என்ன பொருள், எந்த வகை, எவ்வளவு எடை என்று கேளுங்கள். நன்றாக இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள். முகத்துக்கு நேராக “இல்லை” என்று யாரும் சொல்லமாட்டார்கள், அந்தப் பதிலால் உங்களுக்குப் பயனும் இல்லை. நான் ஆறு பேரிடம் காட்டினேன். நான்கு பேருக்குக் கோலம் நினைவிருந்தது. இரண்டு பேர் மட்டும் பொடி என்றார்கள், எந்தப் பொடி என்று ஒருவரும் சொல்லவில்லை.

ஆறு பேரை வைத்துச் சதவிகிதம் போட முடியாது. ஆனால் ஆறில் ஒருவருக்கும் வகை தெரியவில்லை என்றால் அறுபது பேரைத் தேடிப் போக வேண்டிய தேவை இல்லை.

அறிகுறி: திரையில் எடுப்பாக இருக்கிறது, கடையில் படிக்க முடியவில்லை

திரையில் நாம் பார்ப்பது தட்டையான, பின்னொளி உள்ள, கை எட்டும் தூரத்தில் இருக்கும் டிசைன். கடையில் இருப்பது உப்பிய பாக்கெட், டியூப்லைட் வெளிச்சம், கல்லாவுக்குப் பின்னால் இரண்டு மீட்டர் தூரம். ஆகவே அசல் அளவில் அச்செடுத்து, 200 கிராம் பொடி போட்ட ஒரு வெற்றுப் பவுச்சில் சுற்றி ஒட்டுங்கள். பொடி உள்ளே போனதும் முகப்பின் இரு ஓரமும் வளைந்து பின்னால் போய்விடும், அடிமடிப்புக்கு அருகில் இருப்பது கண்ணில் படாது. நான் எடையை அடிமடிப்புக்கு மேலே ஓரமாக வைத்திருந்தேன். பாக்கெட்டை நிறுத்தியதும் “200” என்பதில் முதல் இலக்கம் மட்டும்தான் தெரிந்தது.

அந்த மாதிரியை அப்படியே நாங்கள் வழக்கமாக வாங்கும் அண்ணாச்சி கடைக்குக் கொண்டுபோய், மற்ற பொடிகளுக்கு நடுவே அடுக்கில் வைத்தேன். அங்கேதான் கோலத்தின் குறை தெரிந்தது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் தமிழில் பாக்கெட் செய்கிற யாருக்கும் இது நடக்கலாம்.

பொடியின் பெயர் கோலத்தின் மேல் உட்கார்ந்திருந்தது. கோலத்தில் இருப்பது புள்ளிகள். எழுத்திலும் இருப்பது புள்ளிகள். “பருப்புப் பொடி” என்பதில் இரண்டு “ப்” வருகிறது. கோலத்தின் தங்கப் புள்ளி ஒன்று “பொ”வில் இருக்கும் “ப”வுக்கு நேர் மேலே விழுந்திருந்தது. இன்னொன்று “டி”யின் தலையை ஒட்டி நின்றது. பக்கத்தில் இருந்து பார்த்தால் தங்கம் வேறு, வெள்ளை வேறு என்று தெரியும். இரண்டு மீட்டரில் எல்லாமே வெளிர் புள்ளிதான். எது மெய்யெழுத்தின் புள்ளி, எது கோலத்தின் புள்ளி என்று கண் ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

அச்சில் இது இன்னும் மோசமாகும். அடர்ந்த நிறத்தின் மேல் வெள்ளை எழுத்து என்பது உண்மையில் மை படாமல் விட்ட இடைவெளி. கருஞ்சிவப்பு ஒரே மையில் வராமல் இரண்டு மூன்று மைகளின் கலப்பில் வந்தால், ஒவ்வொரு நிறத்திலும் அதே இடைவெளி ஒன்றன்மேல் ஒன்றாகச் சரியாக விழ வேண்டும். ஒரு நிறம் இம்மியளவு நகர்ந்தாலும் முதலில் அடைபடுவது புள்ளிதான். “ப்” என்பது “ப” ஆகிவிடும். தமிழ் எழுத்தில் மிகச் சிறியதும் மிக முக்கியமானதும் அதுவே.

இதற்கு முன்கூட்டியே செய்யக்கூடிய சோதனை எளிது. அசல் அளவு அச்சை எடுத்து, பொடியின் பெயரில் உள்ள புள்ளிகளை எல்லாம் பேனாவால் நிரப்பிவிட்டு, இரண்டு மீட்டர் தள்ளி நின்று ஒருவரைப் படிக்கச் சொல்லுங்கள். படிக்கத் தடுமாறினால் எழுத்துக்குத் தடிமனோ அளவோ போதவில்லை. எழுத்துக்குப் பின்னால் சமமான ஒரே நிறம் இல்லையென்றால் அதைப் படிக்கச் சொல்வதற்கு முன்பே சரிசெய்யுங்கள். என் திருத்தம் இதுதான்: பெயருக்குப் பின்னால் இருந்த கோலத்தை முழுவதும் எடுத்தேன், எழுத்தை வெளிர் பின்னணியில் ஒரே மையில் அச்சாகும் கருப்பாக மாற்றினேன்.

அறிகுறி: வகை மாறிப் போகிறது

பிரீஃபின் மையமே இதுதான், என் டிசைன் முழுதாகத் தோற்றதும் இங்கேதான். மூன்று பாக்கெட்டும் ஒரே கருஞ்சிவப்பு, ஒரே கோலம். வட்டத்தின் விளிம்பு மட்டும் ஒன்றில் பச்சை, ஒன்றில் ஆரஞ்சு, ஒன்றில் பழுப்பு. மூன்றையும் திரையில் வரிசையாக வைத்தால் ஒரு குடும்பம் போல அவ்வளவு ஒற்றுமை. அந்த ஒற்றுமையைத்தான் எல்லாரும் பாராட்டினார்கள்.

சோதனையை நிஜ வேலையாகவே வையுங்கள். மூன்று வகையிலும் நான்கு நான்கு மாதிரி செய்து, கலைத்து அடுக்கில் வைத்து, கடைக்காரரிடம் வகை சொல்லி ஒவ்வொன்றாகக் கேளுங்கள். கை நேராகப் போகிறதா, ஒன்றைத் தொட்டுவிட்டு இன்னொன்றுக்குப் போகிறதா, எடுத்ததைக் கண்ணருகே கொண்டுபோய்ப் படிக்கிறாரா என்று பாருங்கள். தவறாக எடுப்பது மட்டும் தோல்வி அல்ல. படித்துப் பார்த்து எடுப்பதும் தோல்விதான். மாலை ஆறு மணிக் கூட்டத்தில் யாருக்கும் படிக்க நேரம் இருக்காது.

அண்ணாச்சியிடம் பன்னிரண்டு முறை கேட்டேன். மூன்று முறை மாறியது, ஐந்து முறை கண்ணருகே கொண்டுபோனார். முடிவில் இரண்டு பாக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, “பாக்க நல்லாத்தான் இருக்கு தம்பி, ஆனா ரெண்டும் ஒண்ணு போலல்லா இருக்கு” என்றார்.

கடைக்குப் போக முடியாதபோது செய்யக்கூடியது ஒன்று உண்டு. மூன்றையும் சேர்த்துப் படமெடுத்து, அந்தப் படத்தைக் கருப்பு வெள்ளை ஆக்குங்கள். வகை தெரியவில்லை என்றால் உங்கள் வேறுபாடு நிறச்சாயலில் மட்டும் இருக்கிறது, வெளிச்சம் மங்கினாலோ பார்ப்பவருக்கு நிறக்குறைபாடு இருந்தாலோ அது போய்விடும். வேறுபாடு வடிவத்திலும் இருக்க வேண்டும். திருத்திய டிசைனில் மேல்பாதி மூன்றுக்கும் ஒன்று. கீழ்ப்பாதியில் இட்லிப் பொடிக்கு இட்லித் தட்டு, பருப்புப் பொடிக்குக் கிண்ணத்தில் பருப்பு, கறிவேப்பிலைக்கு ஒரு முழு ஈர்க்கு, அதற்கு மேலே பெயர் பாக்கெட்டின் அகலம் முழுக்க. மறுபடி பன்னிரண்டு முறை கேட்டதில் மாறவில்லை, ஒரு முறை மட்டும் தயங்கினார்.

அறிகுறி: பழைய வாடிக்கையாளர் பாக்கெட்டைத் தாண்டிப் போகிறார்

இதற்கு உலகறிந்த உதாரணம் அமெரிக்காவின் டிராபிக்கானா ஆரஞ்சுச் சாறு. 2009 ஜனவரியில், உறிஞ்சுகுழல் செருகிய ஆரஞ்சுப் பழப் படத்தை எடுத்துவிட்டு, ஒரு கண்ணாடித் தம்ளரில் சாறு இருப்பதுபோல அட்டைப் பெட்டியை மாற்றினார்கள். இரண்டு மாதத்துக்குள் விற்பனை ஐந்தில் ஒரு பங்கு இறங்கியது, பிப்ரவரியிலேயே பழைய பெட்டிக்குத் திரும்புவதாக அறிவித்தார்கள். பழகியவர்கள் அடுக்கில் தேடியது அந்தப் பழத்தைத்தான்.

உங்கள் பழைய பாக்கெட்டில் மக்கள் தேடுவது எது என்பதை நீங்களே ஊகிக்காதீர்கள். வழக்கமாக வாங்குபவர் சிலரிடம் பழைய கவரை நினைவிலிருந்து வரையச் சொல்லுங்கள், அல்லது வாயால் சொல்லச் சொல்லுங்கள். அக்காவின் வாடிக்கையாளர்களில் ஒருவருக்கும் பிராண்ட் பெயர் வரவில்லை. “மஞ்சக் கவரு, ஒரு உரலு படம் போட்டிருக்கும்” என்பதுதான் திரும்பத் திரும்ப வந்தது. மஞ்சளும் உரலும்தான் அவர்களுக்குப் பெயர். என் டிசைனில் இரண்டுமே இல்லை. உரலைப் பழைய பாணி என்று நான் எடுத்திருந்தேன். பின்னால் யோசித்தால் “வீட்ல இடிச்சது” என்ற வரிக்கும் அதைவிட நல்ல பதில் கிடையாது.

அறிகுறி: பிரீஃபைக் கையில் வைத்துப் பார்த்தால் இடம் பொருந்தவில்லை

அச்சின் மேல் ஒரு வெள்ளைத்தாளை வைத்து, டிசைனில் உள்ள ஒவ்வொன்றும் பிரீஃபின் எந்த வரிக்காக இருக்கிறது என்று அதன் மேலேயே எழுதுங்கள். வரி கிடைக்காததற்குக் கேள்விக்குறி. பிறகு தலைகீழாக, ஒவ்வொரு வரிக்கும் டிசைனில் எந்த இடம் என்று தேடுங்கள். என் முகப்பில் பாதிக்கு மேல் கேள்விக்குறிதான், அது முழுக்கக் கோலம். வரி இல்லாத எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும் என்பதில்லை. ஆனால் பிரீஃபில் உள்ள ஒன்று நகக்கண் அளவு இடத்திலும், பிரீஃபில் இல்லாத ஒன்று உள்ளங்கை அளவு இடத்திலும் இருந்தால் அளவை மாற்றியே ஆக வேண்டும்.

பிரீஃபில் எழுதாத சட்டக் கட்டாயங்களையும் இதே தாளில் சேருங்கள்: பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம், 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ உரிம எண், நிகர எடை, விலை, தேதி, உட்பொருட்கள், புகார் சொல்ல வேண்டிய முகவரி. பிரீஃப் அவற்றைச் சொல்லாது, ஆனால் அவை இல்லாமல் பாக்கெட் கடைக்குப் போகாது.

அறிகுறி: எல்லாம் சரி, ஒரு வரி மட்டும் எதற்கும் பிடிகொடுக்கவில்லை

ஒரு வரி கேள்வியாக மாறாமல் நின்றால், கேட்டவர் தேவையைச் சொல்லாமல் அதற்குத் தனக்குத் தோன்றிய தீர்வைச் சொல்லியிருப்பார். அப்போது டிசைனிலேயே உட்கார்ந்திருப்பதில் பயனில்லை, திரும்பிப் போய்க் கேட்க வேண்டும். கேட்கும்போது “உங்களுக்கு எந்த மாதிரி பிடிக்கும்?” என்று தொடங்கினால் இன்னொரு தீர்வுதான் வரும். “கடைசியாக இது எப்போது பிரச்சினை ஆனது? அன்றைக்கு என்ன நடந்தது?” என்று கேளுங்கள்.

“பெரிய கடையில வைக்கிற மாதிரி” என்பதை நான் விலை கூடிய தோற்றம் என்று எடுத்துக்கொண்டேன். கருஞ்சிவப்பும் மேட்டும் தங்கமும் வந்தது அந்த ஒரு வரியிலிருந்துதான். டிசைன் முடிந்தபிறகு அக்காவிடம் போய், பெரிய கடையில் என்னதான் நடந்தது என்று கேட்டேன். சூப்பர் மார்க்கெட்டில் அவருடைய பொடியை எடுக்க மறுத்திருக்கிறார்கள். காரணம் மூன்று. பார்கோடு இல்லை. கவர் அடுக்கில் நிற்கவில்லை. கையால் எழுதி ஒட்டிய தேதிச் சீட்டு கழன்று விழுகிறது. தோற்றத்தைப் பற்றி அங்கே யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அதன்பின் அந்த வரி மூன்று கேள்விகளாகப் பிரிந்தது, இரண்டில் என் டிசைன் தவறியது. பார்கோடைக் கருஞ்சிவப்பின் மேல் தங்கக் கோடுகளாகப் போட்டிருந்தேன். கல்லாவில் இருக்கும் ஸ்கேனர் பெரும்பாலும் சிவப்பு ஒளியில் படிக்கிறது. அந்த ஒளியில் சிவப்பு சார்ந்த நிறம் வெளுத்துத் தெரியும், தங்க மை ஒளியைத் திருப்பி அடிக்கும், கோட்டுக்கும் பின்னணிக்கும் உள்ள வேறுபாடு குறைந்துவிடும். வெள்ளைக் கட்டத்தில் கருப்புக் கோடுதான் நம்பத்தக்கது. இஏஎன் 13 பார்கோடின் முழு அளவு, இருபக்க வெற்றிடத்தையும் சேர்த்து, சுமார் 37 மி.மீ. அகலம், 26 மி.மீ. உயரம். எண்பது சதவிகிதத்துக்குக் கீழே சுருக்கக் கூடாது. நான் அழகுக்காகப் பாதியாகச் சுருக்கியிருந்தேன். மடிப்பிலும் சீல் ஓரத்திலும் அது விழக் கூடாது என்பதால் பின்பக்கத்தின் நடுவுக்குக் கொண்டுபோனேன்.

தேதி, பேட்ச் எண், விலை மூன்றும் பொடி நிரப்பும் நாளில் கோடிங் மெஷினில் அடிக்கப்படுபவை. அதற்கு மை பிடிக்கிற, வெளிர் நிறமான வெற்றுக் கட்டம் வேண்டும். என் பவுச்சில் அப்படி ஓரிடம்கூட இல்லை, எல்லா மூலையிலும் கோலம். அந்தக் கட்டத்தின் அளவையும் இடத்தையும் முடிவு செய்வதற்கு முன்னால் மெஷின் வைத்திருப்பவரிடம் நேரில் போய், பவுச் எந்தப் பக்கமாக உள்ளே போகிறது என்று பார்த்துவிட்டு வந்தேன். அடுக்கில் நிற்பது டிசைன் வேலையே அல்ல, பழைய கவரை விட்டு அடிமடிப்புள்ள பவுச்சுக்கு மாறியபோதே அது தீர்ந்திருந்தது.

திருத்திய பாக்கெட்டில் மஞ்சள் திரும்பி வந்தது, உரல் மேல்பாதியில் உட்கார்ந்தது. கோலத்தை விட எனக்கு மனமில்லை. பின்பக்கத்தில் முகவரிக்குக் கீழே, எந்த எழுத்தும் தொடாத இடத்தில் ஒரே ஒரு கோலம் போட்டேன். அண்ணாச்சி கடையில் மறுபடி வைத்துப் பார்த்தபின்தான் சிலிண்டருக்குக் கொடுத்தோம்.